நற்பெயருக்கு வரும் பணம் யாருக்குச் சேர வேண்டும்?

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் கண்ணுக்கு முதலில் படுவது இரும்பு உருட்டாலைகளும் வார்ப்படச் சாலைகளும்தான். அவற்றோடு, சிட்கோ தொழிற்பேட்டையிலும் திருவள்ளூரை அடுத்த காக்களூரிலும், உதிரிபாகம் கடைந்தும் துளையிட்டும் தரும் ஜாப் ஒர்க் பட்டறைகள் நிறைய உண்டு. இத்தகைய சிறு பட்டறைகள் கம்பெனியாகப் பதிவாகாமல் இரண்டு மூன்று பேர் சேர்ந்த கூட்டாண்மையாகவே நடப்பது தமிழ்நாடெங்கும் வழக்கம். ஆர்டர் பெருகி இன்னொரு சிஎன்சி இயந்திரம் வாங்க வேண்டிய நிலை வரும்போது மூன்றாவது கூட்டாளி ஒருவரைச் சேர்க்கலாமே என்ற பேச்சு எழுகிறது. அவர் கொண்டுவரும் தொகை ஒரே காசோலையில் வந்தாலும் அதில் இரண்டு வகைப் பணம் இருக்கிறது. ஒன்று தொழிலில் அவர் போடும் மூலதனம். மற்றது ஏற்கெனவே கட்டி எழுப்பிய தொழிலில் பங்கு பெறுவதற்காக அவர் கொடுக்கும் நற்பெயர்த் தொகை, கடைத்தெருப் பேச்சில் குட்வில். முதல் பணம் அவருடைய கணக்கில் நிற்க வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. இரண்டாவது பணம் யாருடைய மூலதனக் கணக்கில், எந்த அளவில் ஏற வேண்டும் என்பதில்தான் பிழை நடக்கிறது. அந்தப் பணம் நிறுவனத்தின் வருமானமும் அல்ல, பழைய உழைப்புக்கான பரிசும் அல்ல. வருங்கால லாபத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்தவருக்கு, அவர் விட்டுக்கொடுத்த அளவுக்குச் சேர வேண்டிய ஈடு அது. இதை ஒரு கணக்கின் வழியாக நிறுவிக் காட்ட முடியும்.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 14-ஆம் பிரிவில், நிறுவனத்தின் சொத்து எது என்று சொல்லும்போது தொழிலின் நற்பெயரையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. கூட்டாளி ஒருவர் இறந்தாலும் அந்தச் சொத்து அழிந்துவிடாது, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவருடைய வாரிசுகளுக்கும் அதில் பங்குண்டு என்று குஷால் கேம்கர் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1970-இல் தீர்ப்பளித்தது. 31-ஆம் பிரிவு புதிய கூட்டாளியைப் பற்றியது. எல்லாக் கூட்டாளிகளின் சம்மதமும் இல்லாமல் ஒருவரைச் சேர்க்க முடியாது. மாறான ஒப்பந்தம் இருந்தால்தான் விலக்கு. சேர்ந்தவர், தாம் சேர்வதற்கு முன் நிறுவனம் செய்த எதற்கும் பொறுப்பாளி ஆகமாட்டார். கணக்குப் பதிவு முழுவதும் தொங்கிக்கொண்டிருப்பது இந்தப் பிந்தைய விதியில்தான். சேரும் நாளுக்கு முந்தைய கடனும் தவறும் அவரைத் தொடாது என்றால், அதற்கு முந்தைய லாபமும் சேமிப்பும் அவரைச் சேரக் கூடாது. சேரும் நாள் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதையெல்லாம் பழையவர்களுக்குள் தீர்த்து முடித்த பிறகுதான் புதியவர் உள்ளே வர வேண்டும்.

ஜாப் ஒர்க் பட்டறைக்கு நற்பெயர் என்று ஒன்று உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. விளம்பரமும் இல்லை, கடைப்பெயரும் இல்லை. ஆனால் பெரிய தொழிற்சாலை ஒன்றின் அங்கீகரிக்கப்பட்ட சப்ளையர் பட்டியலில் இடம்பிடிக்க எத்தனை மாதிரிகள் கொடுத்து, எத்தனை முறை அளவெடுத்துத் திருப்பி அனுப்பப்பட்டு, எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக அதே இயந்திரங்களை வாங்கிப்போட்டு நாளை தொடங்குபவருக்கு அந்த இடம் நாளையே கிடைக்காது. அந்த வித்தியாசம் லாபமாக வெளிப்படும்போது அதுதான் நற்பெயர். இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. கும்மிடிப்பூண்டியின் இருப்பிடம் சாதகமானது. கொல்கத்தா நெடுஞ்சாலை பக்கத்தில் இருக்கிறது, புறநகர் ரயில் வருகிறது, எண்ணூர் காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளியும் எட்டும் தூரத்தில் உள்ளன. இந்தச் சாதகத்தின் விலை மனையின் மதிப்பில் ஏற்கெனவே ஏறியிருக்கும். மனையின் மதிப்பையும் உயர்த்திக்கொண்டு, அதே இருப்பிடத்தால் வரும் லாபத்தை நற்பெயரிலும் சேர்த்தால் புதியவர் ஒரே பொருளுக்கு இரண்டு முறை விலை கொடுத்தவர் ஆவார்.

ஒரு கற்பனைப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். இரண்டு கூட்டாளிகள். மூத்தவருக்கு லாபத்தில் 60 விழுக்காடு, இளையவருக்கு 40. ஏட்டின்படி மூத்தவரின் மூலதனம் ரூ.20 லட்சம், இளையவருடையது 13 லட்சம், பொதுக் காப்பு நிதியாக 5 லட்சம் பிரிக்காமல் கிடக்கிறது. புதியவர் ஒருவர் 20 விழுக்காடு பங்குக்கு வருகிறார். அவருக்காக மூத்தவர் தம்முடைய 60-இலிருந்து 15-ஐயும், இளையவர் தம்முடைய 40-இலிருந்து 5-ஐயும் விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கிறார்கள். இனி லாபம் 45, 35, 20 என்று பிரியும். பழைய விகிதத்திலிருந்து புதிய விகிதத்தைக் கழித்தால் கிடைக்கும் 15-க்கு 5, அதாவது 3:1 என்பதுதான் தியாக விகிதம். பழைய லாப விகிதமோ 3:2. இந்த இரண்டும் வேறு வேறு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

நற்பெயரின் மதிப்பை எப்படி எட்டுவது? கடந்த மூன்றாண்டு லாபம் 16, 12, 22 லட்சம் என்று இருக்கட்டும். இவற்றை அப்படியே கூட்டிச் சராசரி எடுப்பது முதல் தவறு. இரண்டாவது ஆண்டு 2023-24. அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் வெள்ளத்தில் ஆழ்த்தியது. நம் பட்டறையில் நனைந்த மோட்டார்களுக்கும் சரக்குக்கும் 3 லட்சம் போனது என்று வைத்தால், அது ஆண்டுதோறும் வரும் செலவு அல்ல. அதைத் திரும்பக் கூட்டினால் அந்த ஆண்டின் லாபம் 15 லட்சம். மூன்றாம் ஆண்டின் 22 லட்சத்தில் பழைய லேத்தை விற்றுக் கிடைத்த லாபம் 2 லட்சம் கலந்திருந்தால், அதுவும் மறுபடி வராது, கழித்தால் 20. ஆக 16, 15, 20. சராசரி 17 லட்சம். இந்த 17 லட்சமும் நற்பெயரால் வந்ததா என்றால் இல்லை. இருவரும் காலையிலிருந்து இரவு வரை பட்டறையில் நிற்கிறார்கள், சம்பளம் எடுப்பதில்லை. அதே வேலைக்கு வெளியாட்களை வைத்தால் ஆண்டுக்கு 7 லட்சம் ஆகும் என்றால் மீதம் 10 லட்சம். சொத்துகளை இன்றைய மதிப்புக்குத் திருத்திய பிறகு தொழிலில் முடங்கியுள்ள மூலதனம் 40 லட்சம். (இந்த 40 எப்படி வந்தது என்பதைக் கீழே காணலாம்.) இத்தகைய தொழிலில் போட்ட பணத்துக்கு 15 விழுக்காடு இயல்பான வருவாய் என்று இருதரப்பும் ஒப்புக்கொண்டால் அதற்கு 6 லட்சம். எஞ்சும் 4 லட்சம்தான் உயர் லாபம். இந்தப் பட்டறை என்பதற்காக மட்டும் வரும் லாபம் அதுதான். அது மூன்றாண்டுக்குத் தாங்கும் என்று கணித்தால் நற்பெயர் 12 லட்சம். புதியவரின் 20 விழுக்காட்டுக்கு 2.40 லட்சம்.

இதெல்லாம் வெறும் ஊகம்தானே, 15 விழுக்காடு என்பதும் மூன்றாண்டு என்பதும் யார் வைத்த கணக்கு என்று எதிர்வாதம் வரும். நியாயமான கேள்வி. ஆர்டரில் பெரும்பகுதி ஒரே தொழிற்சாலையிலிருந்து வருகிறது, அங்கே கொள்முதல் அதிகாரி மாறினால் நிலை மாறிவிடும் என்றால் இரண்டாண்டுக்கு மேல் கணிப்பது மிகை. அப்போது நற்பெயர் 8 லட்சம்தான், புதியவர் கொடுக்க வேண்டியது 1.60 லட்சம். ஓர் ஆண்டு கூடக் குறைய வைத்தாலே அவருக்கு 80 ஆயிரம் வேறுபடுகிறது. ஆனால் இரண்டு வகைப் பிழைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மதிப்பில் நேரும் பிழை புதியவருக்கும் பழையவர்களுக்கும் இடையே பணத்தை இடம் மாற்றுகிறது. அது பேரம் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். இருதரப்பும் கண்ணைத் திறந்துகொண்டுதான் ஒப்புக்கொள்கிறார்கள். பகிர்வில் நேரும் பிழையோ பழைய கூட்டாளிகள் இருவருக்குள்ளேயே, ஒருவருக்கும் தெரியாமல், பணத்தை இடம் மாற்றுகிறது. அதற்குப் பேரமும் கிடையாது, ஊகமும் கிடையாது. அது சுத்தமான கணக்கு. மதிப்பு தோராயமானது என்பதற்காகப் பகிர்வையும் தோராயமாகச் செய்யலாம் என்பது பொருந்தாது.

இனிப் பகிர்வு. புதியவர் வங்கி வழியாகக் கொண்டுவந்த நற்பெயர்த் தொகை 2.40 லட்சத்தை வங்கிக் கணக்கில் பற்று எழுதி, நற்பெயர்க் கணக்கில் வரவு வைக்கிறோம். அடுத்த பதிவிலேயே நற்பெயர்க் கணக்கைப் பற்று எழுதி முடித்துவிட்டு, மூத்தவரின் மூலதனக் கணக்கில் 1.80 லட்சமும் இளையவரின் மூலதனக் கணக்கில் 60 ஆயிரமும் வரவு வைக்கிறோம். 3:1. இதைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு: மொத்த நற்பெயர் 12 லட்சத்தில் 15 விழுக்காடு 1.80 லட்சம், 5 விழுக்காடு 60 ஆயிரம். ஒவ்வொருவரும் எவ்வளவு விட்டுக்கொடுத்தாரோ அதற்கான விலை அவருக்கு வந்திருக்கிறது.

இதற்கு வரும் வலுவான எதிர்ப்பைச் சொல்லியாக வேண்டும். நற்பெயர் நேற்றைய உழைப்பால் வந்தது, நேற்று இருந்த விகிதம் 3:2, எனவே நற்பெயர்ப் பணமும் 3:2 என்றுதான் பிரிய வேண்டும் என்று இளையவர் சொல்லலாம். கேட்பதற்கு இது சரியாகவே தோன்றும். இந்தக் கணக்கில் மூத்தவருக்கு 1.44 லட்சமும் இளையவருக்கு 96 ஆயிரமும் போகும். எது சரி என்று முடிவு செய்ய ஒரு சோதனை இருக்கிறது. புதியவர் சேர்ந்த மறுநாளே பட்டறையை அப்படியே இன்னொருவருக்கு விற்றுவிட்டதாகக் கொள்வோம். நற்பெயருக்கு நாம் மதிப்பிட்ட 12 லட்சமே விலையாகவும் கிடைக்கிறது. பகிர்வு சரியாக இருந்தால், இந்த ஒரு நாள் கூட்டால் யாருக்கும் லாபமும் இருக்கக் கூடாது, நட்டமும் இருக்கக் கூடாது. புதியவரைச் சேர்க்காமலே விற்றிருந்தால் 12 லட்சத்தில் மூத்தவருக்கு 7.20 லட்சம், இளையவருக்கு 4.80 லட்சம். சேர்த்த பிறகு விற்றால் 45, 35, 20 என்ற புதிய விகிதத்தில் மூத்தவருக்கு 5.40, இளையவருக்கு 4.20, புதியவருக்கு 2.40 லட்சம். மூத்தவருக்குக் குறைவது சரியாக 1.80, இளையவருக்குக் குறைவது சரியாக 60 ஆயிரம். தியாக விகிதத்தில் பிரித்திருந்தால் அந்தக் குறை ஏற்கெனவே ஈடுசெய்யப்பட்டிருக்கும். புதியவரும் கொடுத்த 2.40-ஐத் திரும்பப் பெற்றுவிட்டார். பழைய விகிதத்தில் பிரித்திருந்தால் மூத்தவர் 36 ஆயிரம் இழந்திருப்பார், அதே 36 ஆயிரம் இளையவரிடம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். இளையவர் வாதத்தின் குறை இப்போது தெரிகிறது. நேற்றைய உழைப்பில் அவருக்குள்ள பங்கை அவர் இழக்கவே இல்லை. 40-இல் 35 இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது. நற்பெயர் லாபமாக மாறும்போதெல்லாம் அந்த 35 அவரைத் தேடி வரும். விற்காத பங்குக்கு விலை கேட்க முடியாது.

இந்தக் குழப்பம் ஏன் இவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. யார் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார் என்று ஒப்பந்தத்தில் சொல்லாமல், புதியவருக்கு ஐந்தில் ஒரு பங்கு என்று மட்டும் எழுதினால், பழையவர்கள் தம் பழைய விகிதத்திலேயே விட்டுக்கொடுத்ததாகக் கொள்வது கணக்கியல் மரபு. அப்போது 60 என்பது 48 ஆகும், 40 என்பது 32 ஆகும். தியாகம் 12-க்கு 8, அதாவது 3:2. பழைய விகிதமும் தியாக விகிதமும் ஒன்றாகிவிடுகின்றன. பாடப்புத்தகக் கணக்குகள் பலவற்றில் இப்படி வருவதால், பழைய விகிதமே விதி என்ற பழக்கம் கைக்கு ஏறிவிடுகிறது. அந்தப் பழக்கத்தை உடைக்கும் சான்று ஒன்றும் இருக்கிறது. புதியவரைச் சேர்க்கும் அதே வேளையில் மூத்தவர் தம் பங்கை 35 ஆகக் குறைத்துக்கொண்டு இளையவரை 45-க்கு உயர்த்தினால் என்ன ஆகும்? மூத்தவர் விட்டது 25. அதில் 20 புதியவருக்கும் 5 இளையவருக்கும் போயிருக்கிறது. இங்கே இளையவருக்கு நற்பெயரில் எதுவும் வராது. மாறாக, 12 லட்சத்தில் 5 விழுக்காடான 60 ஆயிரத்தை அவரே மூத்தவருக்குக் கொடுக்க வேண்டும். இந்நிலையிலும் பழைய விகிதப்படி இளையவருக்கு 96 ஆயிரம் தருவது எவ்வளவு பொருந்தாதது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் காப்பு நிதியையும் சொத்து மறுமதிப்பீட்டையும் மட்டும் ஏன் பழைய விகிதத்தில் பிரிக்கிறோம்? ஒரே நாளில், ஒரே கூட்டாளிகளுக்கு, இரண்டு விகிதங்கள் ஏன்? மாணவர்களும் தொழில் செய்பவர்களும் தடுமாறும் இடம் இதுதான். விடை, எது ஏட்டில் நிற்கிறது, எது நிற்கவில்லை என்பதில் இருக்கிறது. காப்பு நிதி 5 லட்சம் ஏட்டில் உள்ள பழைய லாபம். அதை முழுவதுமாக எடுத்து மூத்தவருக்கு 3, இளையவருக்கு 2 என்று அவர்கள் கணக்கில் ஏற்றிவிட்டால் புதியவரின் கை அதில் படாது. அதேபோல் இயந்திரத்தின் ஏட்டு மதிப்பு தேய்மானத்தால் சந்தை விலையைவிட 3 லட்சம் தாழ்ந்திருந்து, வராக்கடனுக்கு 1 லட்சம் ஒதுக்க வேண்டியிருந்தால், மறுமதிப்பீட்டுக் கணக்கில் நிகர லாபம் 2 லட்சம். அது 1.20 லட்சமாகவும் 80 ஆயிரமாகவும் பிரியும். இயந்திரம் உயர்ந்த மதிப்பில் ஏட்டில் நிற்கும் என்பதால் பின்னால் அதை விற்கும்போது புதியவருக்கு அந்த உயர்வில் பங்கு போகாது. இப்போது மூத்தவரிடம் 24.20 லட்சம், இளையவரிடம் 15.80 லட்சம், மொத்தம் 40 லட்சம். மேலே சொன்ன 40 இதுதான். நற்பெயர் அப்படி ஏட்டில் நிற்பதில்லை. பின்னால் வரும் லாபத்துக்குள் கரைந்து, புதிய விகிதத்திலேயே எல்லோருக்கும் பிரிந்து போய்விடும். அதனால்தான் அதற்கு முன்கூட்டியே ஈடு தேவைப்படுகிறது. இந்த விளக்கம் சரியா என்று சோதிக்கவும் வழியுண்டு. இயந்திரம், வராக்கடன் இரண்டின் ஏட்டு மதிப்பையும் மாற்ற வேண்டாம் என்று கூட்டாளிகள் முடிவு செய்தால், அந்த 2 லட்ச நிகர உயர்வையும் நற்பெயரைப் போலவே நடத்த வேண்டியதாகிவிடும். புதியவர் கணக்கில் 40 ஆயிரம் பற்று, மூத்தவருக்கு 30 ஆயிரம், இளையவருக்கு 10 ஆயிரம் வரவு. மறுபடியும் 3:1. இரண்டு விகிதங்களுக்கும் பின்னால் இருப்பது ஒரே நீதிதான்.

நற்பெயரையும் இயந்திரத்தைப் போல ஏட்டில் ஏற்றிவிட்டால் என்ன என்று அடுத்துக் கேட்கலாம். 12 லட்சத்தைச் சொத்தாகக் காட்டிப் பழைய விகிதத்தில் 7.20, 4.80 என்று வரவு வைத்து, பிறகு அதைப் புதிய விகிதத்தில் 5.40, 4.20, 2.40 என்று மூவர் கணக்கிலும் பற்று எழுதி நீக்கினால், மூத்தவருக்கு நிகரமாக 1.80, இளையவருக்கு 60 ஆயிரம் வரவு, புதியவருக்கு 2.40 பற்று. வந்து சேரும் இடம் ஒன்றே. ஏற்றிவிட்டு நீக்காமல் விட்டால்தான் சிக்கல். இந்தியக் கணக்கியல் தரநிலை 26, உள்ளுக்குள் தானே உருவான நற்பெயரைச் சொத்தாகக் காட்டக் கூடாது என்கிறது. விலை கொடுத்து வாங்கியதை மட்டுமே ஏற்கிறது. காரணம் எளியது. கூட்டாளிகள் தாங்களே ஒரு தொகையை எழுதிக்கொண்டு மூலதனத்தைப் பெருக்கிக் காட்டினால், அந்த இருப்புநிலைக் குறிப்பை நம்பிக் கடன் தரும் வங்கி ஏமாறும். ஏட்டில் பழைய நற்பெயர் ஏதேனும் ஏற்கெனவே கிடந்தால், புதியவர் நுழைவதற்கு முன் அதைப் பழைய விகிதத்தில் பழையவர்கள் கணக்கில் பற்று எழுதி நீக்கிவிட வேண்டும்.

புதியவர் மொத்தம் 13 லட்சம் கொண்டுவருகிறார், அதில் 2.40 நற்பெயர், 10.60 மூலதனம். எதற்கு இந்தப் பிரிவினை, முழுவதையும் அவர் மூலதனமாகவே காட்டிவிடலாமே என்று சொல்பவர்கள் உண்டு. ஏடு சுருங்கும் என்பது உண்மைதான். ஆனால் மறுநாள் விற்பனைச் சோதனையை இதற்கும் வைத்துப் பாருங்கள். 13 லட்சம் போட்டவர் 15.40 லட்சத்துடன் வெளியேறுவார். மூத்தவர் 1.80 லட்சமும் இளையவர் 60 ஆயிரமும் இழப்பார்கள். பழையவர்கள் பல ஆண்டு கட்டிய தொழிலில் ஐந்தில் ஒரு பங்கை இலவசமாகக் கொடுத்ததற்கு இது சமம். மூலதனத்துக்கு வட்டி கொடுப்பது என்ற விதி ஒப்பாவணத்தில் இருந்தால், தனக்குச் சேராத 2.40 லட்சத்துக்கும் புதியவர் ஆண்டுதோறும் வட்டி பெற்றுக்கொண்டிருப்பார்.

புதியவரின் மூலதனம் ஏன் 10.60 லட்சம்? நற்பெயரும் ஏறிய பிறகு மூத்தவரிடம் 26 லட்சம், இளையவரிடம் 16.40 லட்சம், சேர்ந்து 42.40 லட்சம். இருவரும் இனி 80 விழுக்காட்டுக்கு உரியவர்கள். 80 விழுக்காட்டுக்கு 42.40 என்றால் முழுமைக்கு 53 லட்சம். அதில் ஐந்தில் ஒன்று 10.60. மூலதனமும் லாப விகிதத்தை ஒத்திருக்க வேண்டும் என்று மூவரும் விரும்பினால், கடைசியாக ஒரு சரிக்கட்டல் மிச்சம்.

| விவரம் (லட்சம் ரூபாய்) | மூத்தவர் | இளையவர் | புதியவர் |
|---|---|---|---|
| ஏட்டின்படி மூலதனம் | 20.00 | 13.00 | – |
| காப்பு நிதி (3:2) | 3.00 | 2.00 | – |
| மறுமதிப்பீட்டு லாபம் (3:2) | 1.20 | 0.80 | – |
| நற்பெயர் (3:1) | 1.80 | 0.60 | – |
| கொண்டுவந்த மூலதனம் | – | – | 10.60 |
| இருப்பு | 26.00 | 16.40 | 10.60 |
| புதிய விகிதப்படி | 23.85 | 18.55 | 10.60 |
| சரிக்கட்ட வேண்டியது | –2.15 | +2.15 | – |

மூத்தவரிடம் 2.15 லட்சம் மிகை, இளையவரிடம் அதே அளவு குறை. மூத்தவர் அதை எடுத்துக்கொள்ள, இளையவர் ரொக்கம் கொண்டுவந்து நிரப்பலாம். இளையவரிடம் பணம் இல்லையென்றால் இருவரின் நடப்புக் கணக்குகளுக்கு மாற்றி, பின்னால் வரும் லாபத்தில் தீர்த்துக்கொள்ளலாம். இந்தச் சமப்படுத்தல் கட்டாயம் அல்ல, உடன்பாடு மட்டுமே. மூலதனம் ஒரு விகிதத்திலும் லாபம் வேறொரு விகிதத்திலும் இருப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் நற்பெயர்ப் பகிர்வுக்கு முன்பே சமப்படுத்தலைச் செய்துவிட்டால் அந்த 1.80 லட்சமும் 60 ஆயிரமும் உருத்தெரியாமல் போய்விடும். வரிசை முக்கியம்: முதலில் பழைய லாபம், பிறகு மறுமதிப்பீடு, பிறகு நற்பெயர், கடைசியில்தான் சமப்படுத்தல்.

நற்பெயருக்கான பணத்தைப் புதியவரால் கொண்டுவர முடியாத நிலையும் சாதாரணமாக வருவதே. பல ஆண்டுகள் பட்டறையிலேயே வேலை பார்த்த மேற்பார்வையாளரைக் கூட்டாளியாக்கும்போது அவரிடம் சேமிப்பு இருக்காது. அதற்காக நற்பெயரை விட்டுவிட வேண்டியதில்லை. அவருடைய நடப்புக் கணக்கில் 2.40 லட்சத்தைப் பற்று எழுதி, பழையவர்களுக்கு அதே 3:1-இல் வரவு வைத்தால் போதும். அவர் பங்குக்கு வரும் லாபத்தில் கடன் தீரும். இதற்கு நேர்மாறான வழக்கம், நற்பெயர்ப் பணத்தை ஏட்டுக்கு வெளியே கைக்குக் கை கொடுத்து முடிப்பது. பழையவர்களுக்குத் தனிப்பட்ட முறையில் கொடுத்துவிட்டால் நிறுவன ஏட்டில் பதிவு தேவையில்லை என்பது உண்மைதான். ஆனாலும் வங்கி வழியாகப் போய், ஒப்பாவணத்தில் எழுதப்பட வேண்டும். 2017 முதல் ஒரு பரிவர்த்தனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

வரியும் இங்கே ஒதுக்கிவிடக் கூடிய பேச்சு அல்ல. பெங்களூரின் ஓர் அகர்பத்தி நிறுவனம் 1965-இல் கலைக்கப்பட்டபோது அதன் நற்பெயர் 1.50 லட்சமாக மதிப்பிடப்பட்டுப் புதிய கூட்டாண்மைக்கு மாற்றப்பட்டது. பி.சி.சீனிவாச செட்டி வழக்கு எனப் பெயர்பெற்ற அந்த வழக்கில் 1981-இல் உச்ச நீதிமன்றம், தானே வளர்ந்த நற்பெயருக்கு வாங்கிய விலை என்று ஒன்றைக் காட்டவே முடியாததால் மூலதன ஆதாய வரி விதிக்க இயலாது என்றது. அதன் பிறகு சட்டம் திருத்தப்பட்டு, 1988-89 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அந்த விலை சுழியம் என்று கொள்ளப்படுகிறது. எனவே நற்பெயராக வந்த தொகைக்கு வரி இல்லை என்று பழைய தீர்ப்பை நம்பி இருக்க முடியாது. ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

சேர்ப்பு முடிந்த பட்டறையின் ஏட்டில் பிழை நேர்ந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். புதியவர் சேர்ந்த நாளின் இருப்புநிலைக் குறிப்பில் காப்பு நிதி பழையபடியே நின்றால், நம் கணக்கில் அதிலிருந்து மட்டும் 1 லட்சம் புதியவருக்குப் போய்விட்டது என்று பொருள். நற்பெயர் என்ற பெயரில் ஒரு சொத்து நின்றால், மூலதனம் வீங்கியிருக்கிறது. பழையவர்களின் கணக்கில் ஏறிய நற்பெயர்த் தொகைகளை மொத்த நற்பெயரால் வகுத்துப் பார்த்து, வரும் விழுக்காடு அவரவர் விட்டுக்கொடுத்த பங்கோடு ஒத்துப்போகவில்லை என்றால், பணம் தவறான கைக்குப் போயிருக்கிறது. சேரும் நாளிலேயே கண்டால் ஒரே பதிவில் திருத்திவிடலாம். பத்தாண்டு கழித்து, ஒருவர் விலகும்போதோ இறந்தபோதோ கண்டால், அதன் மேல் ஏறிய வட்டியையும் லாபப் பகிர்வையும் பிரித்தெடுப்பது எளிதல்ல.

ஆகவே புதிய கூட்டாளியைச் சேர்க்கப்போகிறவர்கள் ஒப்பாவணத்தில் நான்கை மறவாமல் எழுதுங்கள்: புதிய லாப விகிதம், அதற்காகப் பழையவர்களில் யார் எத்தனை விழுக்காடு விட்டார் என்ற கணக்கு, நற்பெயரின் மொத்த மதிப்பும் அதை எட்டிய முறையும், சேரும் நாளில் சொத்துகளுக்கும் கடன்களுக்கும் ஒப்புக்கொண்ட மதிப்பு. மனை சிப்காட்டின் 99 ஆண்டுக் குத்தகையில் இருந்தால் குத்தகைப் பத்திரத்தில் கூட்டாளி மாற்றத்துக்கு என்ன நிபந்தனை இருக்கிறது என்பதையும் படித்துவிடுங்கள். நிறுவனம் பதிவு பெற்றிருந்தால் மாற்றத்தை நிறுவனப் பதிவாளருக்குத் தெரிவியுங்கள். இந்த நான்கும் எழுத்தில் இருந்தால் நற்பெயர்ப் பணம் யாருக்கு என்ற கேள்விக்கு மூவரும் ஒரே விடையைத்தான் கணக்கிட்டு எடுப்பார்கள்.